வழக்கில் இருந்த மனை

கிரிவலப் பாதையில் இருக்கும் ஒரு லாட்ஜில் நான் மேனேஜர். பதினாறு வருஷமாக அதே மேசை, அதே நாற்காலி. வருகிறவர்களின் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்து, பேரும் ஊரும் எழுதிச் சாவி கொடுப்பது வேலை. பௌர்ணமிக்கு மூன்று நாள் தூக்கம் இருக்காது, மற்ற நாளெல்லாம் தூக்கம்தான் வரும். என் மனைவி ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் போடுகிறாள். கல்யாணமாகி மூன்று வாடகை வீடு மாறினோம். மூன்றாவது வீட்டுக்காரர், மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகச் சொல்லிக் காலி செய்யச் சொன்ன அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. "இன்னொரு தடவை பீரோவைத் தூக்க என்னால முடியாது" என்று மட்டும் சொன்னாள்.

அந்த மனையை எனக்குக் காட்டியவர் லாட்ஜுக்கு ஆள் கொண்டுவரும் ஆட்டோக்காரர். வேங்கிக்காலைத் தாண்டி, கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில், புதுசாக வீடுகள் முளைத்த தெருவில் ஒரே ஒரு மனை மட்டும் காலியாகக் கிடந்தது. சீமைக்கருவேல் மண்டி, நடுவில் யாரோ கொட்டிய கட்டட இடிபாடு. ரெண்டு பக்கமும் மாடி வீடு. இவ்வளவு நல்ல இடம் ஏன் யாரும் வாங்காமல் கிடக்கிறது என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. மேற்கே திரும்பினால் மலை தெரிந்தது. மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விற்பவர்கள் அண்ணன் தம்பி ரெண்டு பேர். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். அப்பா அந்தக் காலத்தில், அந்தப் பக்கம் வெறும் காடாக இருந்தபோது தன் பேரில் வாங்கிப்போட்ட மனை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாவும் இல்லை. பட்டா ரெண்டு பேர் பேருக்கும் மாறியிருந்தது. அண்ணன் நிலக்கடலை வியாபாரம். வாய் நிறைய வெற்றிலை, பேச்சு நிறைய சிரிப்பு. தம்பி பேசவே மாட்டான்.

எங்கள் லாட்ஜ் ஓனரின் வாடகைத் தகராறுகளைப் பார்க்கும் வக்கீல் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் பத்திர நகல், பட்டா, முப்பது வருஷ வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வில்லங்கத்தில் ஒன்றுமில்லை, அப்பா வாங்கிய பத்திரத்தோடு சரி. நான் பெருமையாக, "சுத்தமா இருக்கு சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவானதுதான் வில்லங்கத்துல வரும். கோர்ட்ல கேஸ் நடக்கறது அதுல வராது. கோர்ட் ஏதாவது உத்தரவு போட்டு, அதைக் கொண்டுபோய் அங்க பதிஞ்சிருந்தா வரும். இல்லன்னா தெரியாது. கேஸ் இருக்கறது தெரியாம வாங்கிட்டேன்னு சொன்னாலும் தீர்ப்பு உங்களைக் கட்டும்."

எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். கோர்ட்டுகளின் வழக்கு நிலவரத்தைப் பார்க்க அரசாங்கத்தின் இணையதளம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது என்றார். மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பேரும் வருஷமும் போட வேண்டும். சர்வே நம்பர் போட்டுத் தேட முடியாது, பேரை வைத்துத்தான். "ஒரு வருஷத்தோட நிறுத்திடாதீங்க. ஒவ்வொரு வருஷமாப் போடுங்க. நடக்கறது, முடிஞ்சது ரெண்டும் பாருங்க. பேரை எத்தனை விதமா எழுத முடியுமோ அத்தனை விதமா எழுதிப் பாருங்க. அவங்கப்பா பேரும் போடுங்க. ஹைகோர்ட் தனி, அதை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் மத்தியானம் லாட்ஜ் மேசையில் உட்கார்ந்து போனில் தேடினேன். மற்றவர்கள் பேரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவது என் தொழில், இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் திரையில் வரும் கோணல்மாணலான எழுத்துக்களைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் மறுபடி முதலில் இருந்து. அண்ணன் பேரில் பத்து வருஷம் தேடினேன். அதே பேருள்ள வேறு யார் யாரோ வந்தார்கள், செக் கேஸ், வாடகை கேஸ். அப்பா பேரும் இனிஷியலும் எதிலும் பொருந்தவில்லை. தம்பி பேரில் ஒரு ழகரம் உண்டு. ஆதாரில் அதை ஆங்கிலத்தில் ரெண்டு எழுத்து சேர்த்து எழுதியிருந்தார்கள். அப்படிப் போட்டேன், இல்லை. எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்து, ஒரே எழுத்தாக மாற்றிப் போட்டேன்.

வந்தது.

போன வருஷம் போட்ட அசல் வழக்கு, அதாவது சிவில் கேஸ். வாதி ஒரு பெண். பிரதிவாதி ஒன்று அண்ணன், ரெண்டு தம்பி. அண்ணன் பேரையும் அதில் வேறு மாதிரி எழுதியிருந்ததால்தான் முதலில் சிக்கவில்லை. வாதியின் இனிஷியலும் அவர்கள் இனிஷியலும் ஒன்று. அடுத்த வாய்தா எப்போது, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது எல்லாம் இருந்தது. பிரதிவாதிகள் பதில் மனு போடும் கட்டம். எந்தச் சொத்து என்று மட்டும் இல்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அதே சிரிப்பு. "அதுவா சார், கூடப் பொறந்தவதான். பொம்பளப் புத்தி. நாளைக்கு வர்றேன்." சொன்னபடியே வந்தார். கோர்ட்டிலிருந்து சம்மனோடு வந்த வழக்கு மனுவின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வக்கீல் அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சொத்து விவரத்தில் இருந்த சர்வே நம்பரையும் நாலெல்லையையும் எங்கள் காகிதத்தோடு ஒட்டிப் பார்த்தார். இதே மனைதான். பாகப் பிரிவினை கேட்டிருந்தாள் தங்கச்சி. மூன்றில் ஒரு பங்கு.

அவரை வெளியே அனுப்பிவிட்டு வக்கீல் என்னிடம் சொன்னார். அப்பா சுயமாகச் சம்பாதித்தது, உயில் எழுதவில்லை, மூன்று பிள்ளைக்கும் சமம். பட்டாவில் பேர் இல்லை என்பதால் பங்கு இல்லை என்று ஆகாது. "ரெண்டே வழி. அந்தம்மாவுக்கு உண்டானதைக் கொடுத்து, விக்கிறவங்கள்ல ஒருத்தரா கையெழுத்துப் போட வைங்க. இல்ல, விட்டுட்டு வேற இடம் பாருங்க."

முதல் வழியை அண்ணனிடம் சொன்னேன். இதை நான் சொல்லாமல் இல்லை. தங்கச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, புருஷனோட வாழத் தெரியாம வந்துட்டா, பின்கட்டுல இடம் கொடுத்து வச்சிருக்கோம், இன்னும் என்ன என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கேஸை நான் முடிச்சுத் தர்றேன் சார். அதுவரைக்கும் பொறுத்தா, உங்களுக்காக விலையில நல்லா கம்மி பண்றேன்" என்றார்.

கம்மி என்ற அந்தச் சொல்லை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மனைவி வழக்கைப் பற்றிக் கேட்டாள். அண்ணன் தங்கச்சிக்குள் சின்ன மனஸ்தாபம், பேசி முடிக்கிறார்கள் என்றேன். அடுத்த நாள் அண்ணனிடம் என் முடிவைச் சொன்னேன். எப்படி முடிக்கிறீர்கள் என்பது உங்கள் குடும்ப விஷயம், எனக்கு நெட்டில் கேஸ் முடிந்தது என்று வர வேண்டும், அது வந்த பிறகுதான் அட்வான்ஸ்.

வக்கீல் ஒன்று சேர்த்துச் சொன்னார். வாபஸ் மட்டும் போதாது. பங்கு கேட்கும் உரிமை வாபஸ் வாங்குவதால் அழிந்துவிடாது, நாளைக்கே வேறு கேஸ் போடலாம். அதனால் தன் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்ததாக அவள் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அவள் எப்படிச் சம்மதிப்பாள் என்று அவரிடம் கேட்டேன். "எனக்குக் கையெழுத்து வேணும். அது எப்படி வந்ததுன்னு பத்திரத்துல எழுத மாட்டாங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அவள் லாட்ஜுக்கு வந்தாள். மே மாத வெயில், மத்தியானம் மூன்று மணி இருக்கும். ரூம் கேட்க வந்தவள் என்று நினைத்து ஆதார் கேட்டேன். அவள் கொடுத்தாள். பேரைப் படித்ததும் போனில் பார்த்த பேர் என்று தெரிந்துவிட்டது. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வலது கை ஆள்காட்டி விரல் நுனி ஊசி குத்திக் குத்திக் காய்ப்புக் காய்த்திருந்தது. தையல்காரி. கிராமத்துப் பின்கட்டில் மோட்டார் வைத்த மிஷின் ஒன்றை வைத்து, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சீருடை தைத்துக்கொண்டிருந்தவள். காலேஜில் படிக்கும் ஒரு மகள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கேஸ் போட்ட பிறகு அந்த மனையைப் பார்க்க எட்டு பேர் வந்தார்கள் என்றாள். ஒவ்வொருத்தரும் நெட்டில் பார்த்துவிட்டு, கேஸ் இருக்கிறது என்று போய்விட்டார்களாம். அண்ணன்கள் திட்டித் தீர்ப்பார்களாம், இவளுக்கு ஒவ்வொருத்தர் போகும்போதும் மூச்சு வருமாம்.

"அந்த கேஸ்தான் சார் எனக்கு வேலி. அதைப் பாத்துட்டு எல்லாரும் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் போகல."

வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றேன்.

"எனக்குக் காசு வேணாம் சார். எங்கப்பா வாங்கின எடத்துல ஓரமா ஒரு ரூமு போட்டுக்கணும், ரோட்டுப் பக்கமா மிஷின் போட்டுக்கணும். நீங்க வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க. வேற எதுவும் செய்ய வேணாம்."

யோசிக்கிறேன் என்றேன். நான் யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் கும்பிட்டாள். ஆதாரைத் திருப்பி வாங்கி, முந்தானையில் துடைத்து, பர்ஸில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். ரூம் பையன்கள் ரெண்டு பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் கொஞ்ச நேரத்தில் கோபமானது. வேலை செய்யும் இடத்துக்கு வந்துவிட்டாளே என்ற கோபம். ஓனர் பார்த்திருந்தால் என்ன நினைப்பார்.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் அண்ணனுக்குப் போன் செய்தேன். நான் சொன்ன வார்த்தைகளை மறக்கவில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"உங்க தங்கச்சி லாட்ஜு வரைக்கும் வந்துட்டாங்க. இதெல்லாம் சரிப்படாது. கொஞ்சம் கண்டிச்சு வைங்க. இந்த மாசத்துக்குள்ள முடியலன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்."

"சரிங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார். குரலில் சிரிப்பு இல்லை. அவர் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மூன்று நாள் கழித்து அவரே கூப்பிட்டார். சிரிப்பு திரும்பி வந்திருந்தது. பின்கட்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டாராம். மீட்டர் அவர் பேரில் இருக்கிறது, யாரும் கேட்க முடியாது. தண்ணீர்க் குழாயையும் திருகிவிட்டாராம். "மிஷினுக்குக் கரண்ட் இல்ல சார். பள்ளிக்கூடம் தொறக்க ரெண்டு வாரம்தான். துணி கொடுத்த பொம்பளைங்கல்லாம் வாசல்ல வந்து நின்னு கத்துறாங்க. எத்தனை நாளைக்குத் தாங்குவா?" பக்கத்தில் தம்பி எதையோ சொன்னான், ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் "அப்படிங்களா" என்றேன்.

அதன் பிறகு தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்தது. இப்போது பேரைப் போட்டுத் தேட வேண்டியதில்லை, வழக்குக்கென்று இருக்கும் பதினாறு எழுத்து எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். காலையில் லாட்ஜைத் திறந்ததும் ஒருமுறை, சாப்பிட்ட பிறகு ஒருமுறை. வாய்தா நாள் வரும்வரை எதுவும் மாறாது என்று தெரியும். ஆனாலும் பார்ப்பேன். வாய்தா அன்றைக்குச் சாயங்காலம் வரை பழைய மாதிரியே இருந்தது. மறுநாள் மத்தியானம் திறந்தபோது மாறியிருந்தது. வழக்கு முடிந்தது என்றும், எப்படி முடிந்தது என்ற இடத்தில் ஆங்கிலத்தில் 'அன்கன்டெஸ்டட், வித்ட்ரான்' என்றும் இருந்தது. எதிர்ப்பின்றி, வாபஸ். நான் அதை மனைவிக்குப் படம் பிடித்து அனுப்பினேன். அவள் கும்பிடும் கை ஒன்றை அனுப்பினாள்.

பத்திரப் பதிவுக்கு ஒரே நாளில் ரெண்டு டோக்கன். முதலில் தங்கச்சியின் விடுதலைப் பத்திரம், அடுத்தது எங்கள் கிரயம். சார்பதிவாளர் ஆபீஸில் கூட்டம். அவள் சுவரோரம் நின்றிருந்தாள். அண்ணனும் தம்பியும் ரெண்டு பக்கம். மகள் வரவில்லை. தன் பங்குக்கு உண்டான தொகையைப் பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுப்பதாகப் பத்திரத்தில் இருந்தது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், படிச்சுப் பாத்தீங்களாம்மா, சம்மதம்தானா, பணம் வாங்கிட்டீங்களா. மூன்றுக்கும் தலையாட்டினாள். வாயைத் திறந்து சொல்லுங்க என்றார்கள். "வாங்கிட்டேன்" என்றாள். வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ரிஜிஸ்ட்ராருக்குத் தெரிய வழியில்லை.

கைரேகை எடுக்கும் மிஷின் அவள் விரலை ஏற்கவில்லை. மூன்று தடவை வைத்தாள், மூன்று தடவையும் சிவப்பு விளக்கு. ஊசியும் இஸ்திரிப் பெட்டியும் ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தன. துடைச்சிட்டு நல்லா அழுத்தி வைங்கம்மா என்றார்கள். தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அந்த வாயில்லாத தம்பிதான். அவள் கட்டைவிரலைத் தன் வேட்டியில் தேய்த்துத் துடைத்து, கண்ணாடிமேல் வைத்து, மேலே தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். அவள் முகம் சுளித்தது. பச்சை வந்தது.

அவள் திரும்பும்போது என் மனைவியின் முன்னால் கொஞ்சம் நின்றாள். மனைவி அவளைப் பார்த்துச் சிரித்தாள், ஒன்றும் தெரியாதவள். அவளும் சிரித்தாள். "ஜாக்கெட்டு கைப்பக்கம் பிரிஞ்சிருக்குங்க" என்றாள். மனைவி அவசரமாக முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

வீடு கட்டினோம். கருவேலை வெட்டி இடிபாட்டை அள்ளவே ஒரு வாரம் ஆயிற்று. புதுமனைப் புகுவிழாவுக்கு அண்ணன் தட்டில் பழத்தோடு வந்தார், ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தார். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று என் மனைவி கேட்டதற்கு, "அவளை இப்ப யாரு சார் வச்சிருக்கா? பின்கட்டுல மூட்டை அடுக்க எடம் வேணும்னு காலி பண்ணச் சொல்லிட்டோம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கையெழுத்துப் போட்டால் கடைசிவரை இருந்துகொள்ளலாம் என்று அவளுக்குச் சொல்லியிருந்ததாக ஆட்டோக்காரர் பின்னால் என்னிடம் சொன்னார். நான் மனைவியை உள்ளே போய் மோர் எடுத்து வரச் சொன்னேன்.

அந்த வீட்டில் எனக்கு ஒரு வியாதி வந்தது. மிரட்டி வாங்கிய கையெழுத்து என்று அவள் கேஸ் போட்டால் என்ன ஆகும் என்று வக்கீலிடம் கேட்டிருந்தேன். போடலாம், ஆனால் பத்திரத்தை ரத்து பண்ணக் கேட்க மூன்று வருஷம்தான் கெடு, நிரூபிக்கவும் வேண்டும் என்றார். அதனால் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் பேரைத் தேடுவேன். அவள் பேரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும். நெருங்கின சொந்தக்காரர் பேரைக்கூட நான் அத்தனை தடவை எழுதியதில்லை. அந்தப் பழைய வழக்கு மட்டும் வரும், எதிர்ப்பின்றி வாபஸ். புதுசாக ஒன்றும் வராது. மூன்று வருஷம் முடிந்த வாரத்தில் தேடிப் பார்த்துவிட்டு, கடைக்குப் போய் அரைக்கிலோ ஜிலேபி வாங்கி வந்தேன். எதுக்கு என்று மனைவி கேட்டாள். சும்மா என்றேன்.

அதற்குச் சில மாதம் கழித்து அவளைப் பார்த்தேன். கலெக்டர் ஆபீஸ் பஸ் ஸ்டாப்பில், காலை நேரம். வண்டி பஞ்சராகி நான் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு துணிப்பையோடு நின்றவள் அவள்தான் என்பது அவள் பேசிய பிறகுதான் தெரிந்தது. ரொம்ப இளைத்திருந்தாள். டவுனில் ஒரு ரெடிமேட் கடைக்குப் பட்டன் வைத்துக் கொடுக்கிறாளாம். சொந்த மிஷின் இல்லை. அந்த வருஷம் துணி கொடுத்தவர்களுக்குச் சொன்ன நாளில் தைத்துத் தர முடியாமல் போனதும் ஊரில் யாரும் துணி கொடுப்பதில்லையாம், மிஷினை விற்றுத்தான் அவர்களுக்குத் துணிக்காசைத் திருப்பிக் கொடுத்தாளாம். மகள் படிப்பு அந்த வருஷத்தோடு நின்றுவிட்டது. இதெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னாள்.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "உங்க அண்ணங்க இப்படி பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லாத முகம்.

"நீங்க போன் பண்ணப்ப நான் அங்கதான் சார் இருந்தேன். பஸ்ஸுல வந்து எறங்கி, காலுகூட கழுவல. அண்ணன் போனை சத்தமா வச்சு, எல்லாரையும் கேக்க வச்சாரு. என் பொண்ணும் கேட்டுச்சு."

பஸ் வந்தது. அவள் ஏறினாள். அதுதான் நானும் போக வேண்டிய பஸ். கண்டக்டர் படியில் நின்று, வர்றீங்களா சார் என்று கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினேன். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாட்ஜுக்கு வந்தது, நான் போன் செய்தது, ஒயர், குழாய், ஜிலேபி. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து, அடுப்பில் வைத்து, என்ன சொல்லிப் போன் பண்ணினீங்க, அந்த வார்த்தையைச் சொல்லுங்க என்றாள். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு போய், மலையைப் பார்த்து வைத்திருந்த ஜன்னலைச் சாத்தினாள். அவள் அதன் பிறகு என்னிடம் சண்டை போடவில்லை. நாங்கள் பேசிக்கொள்கிறோம், சாப்பிடுகிறோம், ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். அந்தப் பெண்ணைத் தேடி ரெடிமேட் கடைக்கு ஒருநாள் போனதாகவும், அவள் அங்கே இப்போது வேலையில் இல்லை என்று கடையில் சொன்னதாகவும் மனைவி போன மாதம் சொன்னாள். எங்கே போனாள் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லையாம்.